தவறான வீதத்தில் பதிவான வாரங்கள்: பாக்கிச் சம்பளத்தைக் கணக்கிடுவது எப்படி

பதவி உயர்வு கிடைத்து ஆறு வாரம் ஆகிறது. சம்பளச் சீட்டை நிதானமாகப் பார்த்தால் மணிக்கு இன்னும் பழைய வீதமே போட்டிருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததாக இருக்காது. வேலை மாறியது கடிதத்தில் இருக்கிறது, ஆனால் நேரம் பதிவாகும் கணினியில் பழைய வேலைக் குறியீடே நிற்கிறது. ஒவ்வொரு வாரமும் உங்கள் மணிநேரம் அந்தக் குறியீட்டின் கீழ் விழுந்து, பழைய வீதத்தால் பெருக்கப்பட்டு வந்துவிட்டது.

இந்த இடத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். புது வீதத்திலிருந்து பழைய வீதத்தைக் கழித்து, வேலை செய்த மொத்த மணிநேரத்தால் பெருக்கி, ஒரு தொகையை எழுதிக்கொண்டு போய்க் கேட்பார்கள். அந்தத் தொகை பெரும்பாலும் தவறாக இருக்கும். சில சமயம் குறைவாக இருந்து உங்களுக்கு நஷ்டம். சில சமயம் அதிகமாக இருந்து, சம்பளப் பிரிவு ஒரே ஒரு பிழையைக் காட்டி முழுக் கணக்கையும் ஒதுக்கிவிடும். சரியான வழி வேறு: ஒவ்வொரு வாரத்துக்கும் வந்திருக்க வேண்டியதை முதலிலிருந்து முழுசாகக் கணக்கிட்டு, உண்மையில் வந்ததை அதிலிருந்து கழிப்பது. இது ஏன் என்பது ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். அதற்கு முன், எந்த உரிமையின் பேரில் கேட்கிறோம் என்பதைக் கொஞ்சம்.

பாக்கியைக் கேட்பது சலுகை கேட்பதல்ல. ஒத்துக்கொண்ட வீதத்தில் செய்து முடித்த வேலைக்கான கூலி அது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை (எண் 95) இதற்கு அடித்தளமான இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. சம்பளம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விவரம், அது மாறக்கூடியதாக இருந்தால், ஒவ்வொரு முறை சம்பளம் தரும்போதும் தொழிலாளிக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. அதற்குரிய பதிவேடுகள் முறையாக வைக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. ஓவர்டைமுக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு. 1919-ஆம் ஆண்டின் முதல் உடன்படிக்கை, தொழிற்சாலை வேலைகளில் அனுமதிக்கப்படும் கூடுதல் நேரத்துக்கு வழக்கமான வீதத்தைப் போல் குறைந்தது ஒன்றேகால் மடங்கு தர வேண்டும் என்கிறது. இந்த உடன்படிக்கைகள் அவற்றை ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும். உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது உங்கள் நாட்டின் சட்டமும், உங்கள் நியமனக் கடிதமும், தொழிற்சங்க ஒப்பந்தம் இருந்தால் அதுவும். பல இடங்களில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, சில இடங்களில் இரண்டு மடங்கு. கணக்கைத் தொடங்கும் முன் உங்களுடையது எத்தனை மடங்கு என்பதைக் கடிதத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கையில் மூன்று விதமான ஆதாரம் வேண்டும். வீதம் மாறியதைச் சொல்லும் கடிதம் ஒன்று. அதில் கடிதத்தின் தேதியைப் பார்க்காதீர்கள், எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது என்ற வரியைப் பாருங்கள். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை, கணக்கு தொடங்குவது அமல் தேதியில்தான். இரண்டாவது, அந்த வாரங்களின் சம்பளச் சீட்டுகள். மூன்றாவது, நீங்கள் உண்மையில் வேலை செய்த நேரம். இதற்குச் சீட்டை மட்டும் நம்ப வேண்டாம். வருகைப் பதிவு, ஷிப்ட் அட்டவணை, 'இன்று இரண்டு மணிநேரம் கூட இருக்க முடியுமா' என்று மேற்பார்வையாளர் அனுப்பிய குறுஞ்செய்தி, நீங்களே நாட்குறிப்பில் எழுதியது, எல்லாமே உதவும். வீதத்தைத் தவறாகப் பதிந்த கணினி நேரத்தையும் தவறாகப் பதிந்திருக்க வாய்ப்புண்டு. நான் பார்த்த பாக்கிக் கணக்குகளில் பாதிக்கு மேல், ஒரு பிழையைத் தேடப் போன இடத்தில் இன்னொன்றும் கிடைத்தது.

இனி கணக்கு. பழைய வீதம் மணிக்கு 120, புது வீதம் 138. பணத்தின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும், எண் மட்டும் போதும். வாரம் 40 மணிநேரம் வழக்கமான வேலை, அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. இரவு நேரத்தில் செய்யும் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் 15 இரவுப்படி, அது எந்த வீதத்தில் இருப்பவருக்கும் ஒரே தொகை. புது வீதம் முதல் வாரத்தின் புதன்கிழமையிலிருந்து அமல். ஆறு வாரங்கள் பழைய வீதத்திலேயே போய்விட்டன.

முதல் வாரம் 40 மணிநேரம் வேலை. திங்களும் செவ்வாயும் 16 மணிநேரம், அவை பழைய வீதத்துக்கே உரியவை. புதன் முதல் வெள்ளி வரை 24 மணிநேரம் புது வீதத்தில் வர வேண்டும். அதாவது 16 முறை 120, 24 முறை 138, மொத்தம் 5,232. வந்தது 4,800. பாக்கி 432. அமல் தேதி வாரத்தின் நடுவில் விழும்போது முழு வாரத்தையும் புது வீதத்தில் போட்டுக் கேட்பவர்கள் நிறையப் பேர். சம்பளப் பிரிவின் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். இன்னொரு சங்கதி: இப்படி இரண்டு வீதம் கலந்த வாரத்தில் ஓவர்டைமும் இருந்தால், அதை எந்த வீதத்தின் மேல் ஒன்றரை மடங்காக்குவது என்ற கேள்வி வரும். சில இடங்களில் அந்த நேரத்தில் செய்த வேலையின் வீதத்தை எடுப்பார்கள். சில இடங்களில் அந்த வாரத்தின் சராசரியை எடுப்பார்கள், இந்த வாரத்து 40 மணிநேரத்துக்கு அது 130.80. நம் கணக்கில் முதல் வாரம் ஓவர்டைம் இல்லை, அதனால் தப்பித்தோம். உங்களுக்கு இருந்தால் விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எண்ணைப் போடுங்கள்.

இரண்டாம் வாரம் 46 மணிநேரம், அதில் 6 ஓவர்டைம். வீத வித்தியாசம் 18, ஆகவே 46 பெருக்கல் 18 என்று போட்டால் 828 வரும். இது குறைவு. வீதம் உயரும்போது ஓவர்டைம் வீதமும் சேர்ந்தே உயர்கிறது: பழையது 180, புதியது 207, வித்தியாசம் 18 அல்ல, 27. முறைப்படி போடுவோம். வர வேண்டியது 40 மணிநேரத்துக்கு 5,520, 6 மணிநேரத்துக்கு 1,242, ஆக 6,762. வந்தது 4,800-ம் 1,080-ம் சேர்த்து 5,880. பாக்கி 882. ஒரே வாரத்தில் 54 கூடிவிட்டது. மாதக்கணக்கில் ஓவர்டைம் செய்பவருக்கு இது சின்னத் தொகையாக நிற்காது.

மூன்றாம் வாரம் 40 மணிநேரம், அதில் 8 மணிநேரம் இரவு வேலை. இங்கே தவறு எதிர்ப்பக்கமாக நடக்கும். எல்லாமே உயர்ந்திருக்கும் என்று நினைத்து இரவுப்படியையும் உயர்த்திவிடுவார்கள். ஆனால் இந்தப் படி நிலையான தொகை. வர வேண்டியது 5,520-ம் 120-ம், ஆக 5,640. வந்தது 4,920. பாக்கி 720. படி வீதத்தின் சதவீதமாக இருந்தால் மட்டுமே அது வீதத்தோடு கூடும். கடிதத்தில் அது தொகையாக எழுதியிருக்கிறதா, சதவீதமாகவா என்ற ஒரு வரிதான் இதைத் தீர்மானிக்கிறது.

நான்காம் வாரம் 32 மணிநேரம் வேலை, ஒருநாள் சம்பளத்துடன் விடுப்பு. விடுப்பு நாளை மறந்துவிட்டால் 32 முறை 18, அதாவது 576 மட்டும் கேட்பீர்கள். விடுப்புச் சம்பளமும் உங்கள் நடப்பு வீதத்தில்தான் வர வேண்டும், அதுவும் பழைய 120-ல்தான் வந்திருக்கிறது. வர வேண்டியது 5,520, வந்தது 4,800, பாக்கி 720. வேலை செய்யாத நாளுக்கு எப்படிக் கேட்பது என்று தயங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயங்க வேண்டியதில்லை, அந்த நாளும் சீட்டில் மணிநேரமாகத்தான் இருக்கிறது. (கடந்த மாதங்களின் சராசரியை வைத்து விடுப்புச் சம்பளம் போடும் இடங்களும் உண்டு. அங்கே இந்த வாரத்தின் எண் வேறாகும். பாக்கி வந்து சேர்ந்தபின் சராசரியே உயரும் என்பதால் பிறகு எடுக்கும் விடுப்புகளையும் பார்க்க வேண்டும்.)

ஐந்தாம் வாரத்தில்தான் அந்த இரண்டாவது பிழை இருந்தது. வேலை செய்தது 50 மணிநேரம், 10 ஓவர்டைம். சீட்டில் பார்த்தால் ஓவர்டைம் வரியே இல்லை. 50 மணிநேரமும் வழக்கமான நேரமாகப் பதிவாகி 120-ஆல் பெருக்கப்பட்டு 6,000 வந்திருக்கிறது. வர வேண்டியது 5,520-ம், 10 முறை 207 ஆக 2,070-ம், மொத்தம் 7,590. பாக்கி 1,590. வித்தியாசத்தைப் பெருக்கும் குறுக்குவழியில் இந்த வாரத்துக்கு 50 முறை 18 என்று 900 மட்டுமே வந்திருக்கும். மீதி 690 யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும், ஏனென்றால் அந்த வழி, வீதத்தைத் தவிர மற்ற எல்லாம் சரியாக நடந்தது என்று முன்கூட்டியே நம்பிக்கொள்கிறது. முழு வாரத்தையும் புதிதாகக் கணக்கிடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆறாம் வாரம் உங்களுக்குப் பிடிக்காத வாரம். ஒருநாள் அரைநாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தீர்கள், வேலை செய்தது 36 மணிநேரம். ஆனால் கணினி 40 என்று போட்டு 4,800 தந்துவிட்டது. வர வேண்டியது 36 முறை 138, அதாவது 4,968. பாக்கி 168. இதைப் பிரித்துப் பார்த்தால், வீதப் பிழையால் உங்களுக்கு வர வேண்டியது 648, நேரப் பிழையால் உங்களுக்குக் கூடுதலாக வந்தது 480. இந்த 480-ஐ மறைத்துவிட்டு 648 கேட்கலாமா? கேட்காதீர்கள். சம்பளப் பிரிவு அந்த வாரத்தைத் திறந்து பார்க்கும்போது அது தெரிந்துவிடும், அப்புறம் மற்ற ஐந்து வாரங்களையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அதே சமயம் இரண்டு எண்ணையும் தனித்தனியாக எழுதிக் காட்டுங்கள். கூடுதலாகத் தந்ததைச் சம்பளத்திலிருந்து பிடிக்க உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்று சொல்லும் சட்டங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் அதை எப்படிச் சரிக்கட்டுவது என்பது இருவரும் பேசி முடிக்க வேண்டிய விஷயம், சத்தமில்லாமல் கழிக்கப்பட வேண்டியதல்ல.

ஆறு வாரமும் ஒரே இடத்தில்:

| வாரம் | வர வேண்டியது | வந்தது | பாக்கி |
|---|---|---|---|
| 1 | 5,232 | 4,800 | 432 |
| 2 | 6,762 | 5,880 | 882 |
| 3 | 5,640 | 4,920 | 720 |
| 4 | 5,520 | 4,800 | 720 |
| 5 | 7,590 | 6,000 | 1,590 |
| 6 | 4,968 | 4,800 | 168 |
| மொத்தம் | 35,712 | 31,200 | 4,512 |

கணக்கு சரியா என்று பார்க்க, கடைசிப் பத்தியை மேலிருந்து கீழாகக் கூட்டுங்கள், 4,512 வரும். பிறகு கடைசி வரியில் 35,712-லிருந்து 31,200-ஐக் கழியுங்கள், அதுவும் 4,512 வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் ஏதோ ஒரு வாரத்தில் கூட்டல் பிசகியிருக்கிறது.

இப்போது குறுக்குவழியில் எவ்வளவு வரும் என்று பாருங்கள். சீட்டுகளில் உள்ள மொத்த மணிநேரம் 256. அதை 18-ஆல் பெருக்கினால் 4,608. சரியான தொகையைவிட 96 மட்டும்தான் கூடுதல். இதுதான் எனக்குக் கவலை தரும் விஷயம். கிட்டத்தட்ட சரியாகத் தெரியும் எண் இது, ஆனால் உள்ளே ஐந்து பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு இருக்கின்றன: புதனுக்கு முந்தைய இரண்டு நாள், இரண்டாம் வாரத்து ஓவர்டைம், ஐந்தாம் வாரத்தில் காணாமல் போன ஓவர்டைம், ஆறாம் வாரத்தில் கூடுதலாகப் பதிந்த நான்கு மணிநேரம், அந்த நான்கு மணிநேரத்துக்கு ஏற்கெனவே வந்த 480. இதை எடுத்துக்கொண்டு போனால், யாராவது 'திங்கள், செவ்வாய் சேராதே' என்று கேட்டு 288-ஐக் குறைப்பார்கள். உங்களிடம் பதில் இருக்காது, நீங்களும் 4,320-க்குச் சம்மதித்துவிடுவீர்கள். ஐந்தாம் வாரத்து 690 அங்கேயே புதைந்துவிடும்.

மேலே உள்ள எல்லா எண்ணும் பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளம். வங்கிக் கணக்கில் விழுந்த தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வரி, ஓய்வூதியப் பிடித்தம், காப்பீடு எல்லாம் கழிந்தபிறகு வருவது அது. பாக்கியை மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டு, பிடித்தங்களை அவர்கள் அதன்மேல் போடட்டும். கையில் வருவது 4,512-க்குக் குறைவாகத்தான் இருக்கும், அதனால் மட்டும் குறைத்துத் தந்துவிட்டார்கள் என்று ஆகாது. ஆறு வாரப் பாக்கி ஒரே சம்பளத்தில் சேர்ந்து வரும்போது அந்த மாதத்தின் வருமானம் வீங்கி, வரி வழக்கத்தைவிட அதிகமாகப் பிடிக்கப்படவும் கூடும். அப்படியானால் பாக்கி எந்தக் காலத்துக்குரியது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள், வரிக்கணக்கு முடிக்கும்போது அது தேவைப்படும். முதலாளி தன் பங்காக ஓய்வூதிய நிதிக்குச் செலுத்துவது சம்பளத்தின் சதவீதமாக இருந்தால், பாக்கிக்கும் அந்தப் பங்கு போக வேண்டும். பல இடங்களில் இது சம்பளச் சீட்டின் அடியில் தனி வரியாக இருக்கும், பலர் அங்கே பார்ப்பதே இல்லை.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். முதலில் நேரில் சொல்வது நல்லதுதான், ஆனால் அன்றைக்கே மின்னஞ்சலோ கடிதமோ போய்விட வேண்டும். இவ்வளவு இருந்தால் போதும்:

"என் சம்பள வீதம் மணிக்கு 138 என்று மாற்றிய கடிதத்தின் நகல் இணைத்துள்ளேன். அது அமலுக்கு வந்த புதன்கிழமை முதல் ஆறு வாரங்கள் என் நேரம் 120 என்ற பழைய வீதத்தில் பதிவாகியுள்ளது. ஐந்தாம் வாரத்தில் 10 மணிநேர ஓவர்டைம் வழக்கமான நேரமாகப் பதிவாகியுள்ளது. ஆறாம் வாரத்தில் 4 மணிநேரம் கூடுதலாகப் பதிவாகி, அதற்கு 480 வந்துள்ளதையும் கணக்கில் காட்டியுள்ளேன். வாரவாரியான கணக்கின்படி பாக்கி 4,512. இதைச் சரிபார்த்து, எந்தச் சம்பளத் தேதியில் வரும் என்று தெரிவிக்கவும். பதிவில் உள்ள வீதத்தையும் மாற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பாக்கியைத் தருவது ஒரு வேலை, கணினியில் குறியீட்டை மாற்றுவது வேறு வேலை. இரண்டையும் செய்பவர் ஒரே ஆளாக இல்லாமலும் இருக்கலாம். பாக்கி வந்துவிட்டது, ஆனால் ஏழாம் வாரமும் 120-லேயே பதிவாகிறது என்பது அடிக்கடி நடக்கிறது.

தாமதிக்காமல் கேட்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சம்பளப் பாக்கியைக் கேட்கப் பெரும்பாலான நாடுகளில் சட்டம் ஒரு கால வரம்பு வைத்திருக்கிறது. பல சட்டங்களில் அந்தக் காலம் ஒவ்வொரு சம்பள நாளிலிருந்தும் தனித்தனியாக ஓடும். அதனால் நாள் கடந்தால் முழுப் பாக்கியும் ஒன்றாகப் போகாது, பழைய வாரங்கள் ஒவ்வொன்றாக முதலில் விழும். ஆறு வாரம் என்பது பெரும்பாலும் வரம்புக்குள்தான் இருக்கும். பிழை பல மாதம், பல வருடம் போயிருந்தால் இதை முதலில் விசாரியுங்கள். அலுவலகத்தோடு மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருப்பது மட்டும் பல இடங்களில் அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது என்பதும் நினைவில் இருக்கட்டும். வேலையை விட்டு விலகுபவர் என்றால் கடைசிக் கணக்கு முடிக்கும் தாளில் கையெழுத்துப் போடும் முன் இந்தப் பாக்கி அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே போட்ட கையெழுத்தைப் பிறகு மீட்பது கஷ்டம்.

பாக்கி வந்த சீட்டை எப்படிப் படிப்பது? 'அரியர்ஸ் 4,512' என்று ஒற்றை வரியாக மட்டும் இருந்தால், எந்த வாரம், எத்தனை மணிநேரம், எந்த வீதத்திலிருந்து எந்த வீதத்துக்கு என்ற விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். தொகை வேறாக இருந்தால் மொத்தத்தை வைத்து வாதம் செய்வதில் பயனில்லை. அவர்களுடைய வாரவாரியான கணக்கை வாங்கி உங்கள் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் எந்த வாரத்தில் இருக்கிறது என்று உடனே தெரியும். உதாரணமாக 4,512-க்குப் பதில் 3,822 வந்திருந்தால், குறைந்தது 690. ஐந்தாம் வாரத்து ஓவர்டைம் வழக்கமான நேரமாகவே இன்னும் நிற்கிறது என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. அப்போது பேச வேண்டியது வீதத்தைப் பற்றி அல்ல, அந்த ஒரு வாரத்தின் பத்து மணிநேரத்தைப் பற்றி மட்டும். வருகைப் பதிவையும் மேற்பார்வையாளரின் குறுஞ்செய்தியையும் எடுத்துக்கொண்டு போக வேண்டியது அந்தப் பேச்சுக்குத்தான்.